மெயிலை நாளுக்கு மூன்று வேளை மட்டும் பார்த்தால் போதுமா? ஏற்றுமதி டாகுமெண்ட் வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கடல்நண்டு
மண்டபம் பக்கம் நண்டுச் சதை பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் டாகுமெண்ட் பார்க்கிறேன். அமெரிக்காவில் இரண்டு பார்ட்டி, ஜப்பானில் ஒரு பார்ட்டி. சரக்கு தூத்துக்குடி வழியாகப் போகிறது. ஆபீஸ் மெயில் ஜிமெயிலில்தான் ஓடுகிறது.

இன்பாக்ஸில் படிக்காமல் கிடப்பது 6,000-க்கு மேல். அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது. அதற்காக நான் மெயில் பார்க்காதவள் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். சமைக்கும்போது, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பார்க்கிறேன்.

இது ஆரம்பித்தது ஒரு சாயங்காலம். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில் சும்மா திறந்தேன். கப்பல் கம்பெனியிலிருந்து டிராஃப்ட் பி.எல்., அதாவது சரக்கு ஏற்றியதற்கு அவர்கள் தரும் ரசீதின் வரைவு வந்திருந்தது, அதில் அட்டைப்பெட்டி எண்ணிக்கை தப்பு. ஆறு மணிக்குள் சொல்லவில்லை என்றால் அப்படியே உறுதியாகிவிடும். பஸ்ஸில் நின்றுகொண்டே பதில் போட்டுத் திருத்தினேன். அன்றிலிருந்து போனைக் கீழே வைக்க முடியவில்லை. இப்படி அவசரம் வருகிற வேலையில் நேரம் வைத்து மெயில் பார்ப்பது நடக்கிற காரியமா? அந்த 6,000-ஐ என்ன செய்வது?

துடுப்பு
அக்கா, நான் உச்சிப்புளியில் வீட்டிலிருந்து ஐ.டி. வேலை பார்க்கிறேன். நாளுக்கு ஒரே தடவை, காலை பத்து மணி. மற்ற நேரம் நோட்டிபிகேஷன் எல்லாம் ஆஃப். பழைய மெயிலை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலீட் பண்ணிவிடுங்கள். வேண்டியவன் மறுபடி எழுதுவான். ரெண்டே நாளில் மனசு லேசாகிவிடும்.

தங்கச்சிமடம்
போனை அமத்தி வைக்கவா சொல்றீக? எங்க வீட்டுல அது நடக்காது தம்பி. ரெண்டு விசைப்படகு வச்சிருக்கோம். படகு உள்ள போயிட்டா திரும்பி வார வரைக்கும் வீட்டுல ஒருத்தர் கையில போன் இருந்தாகணும். காத்து எச்சரிக்கை வந்தா கடலுக்குப் போக டோக்கன் குடுக்க மாட்டாக, அதுவும் போன்லதான் தெரியும். பையன்களைப் பிடிச்சுட்டாகண்டா முதல் சேதி கரைக்கு வாரதும் போன்லதான். மூணு வேளை பாத்தா போதும்ண்டு எப்படிச் சொல்றது?

சேதுக்கரை
தங்கச்சிமடம் அண்ணே, அந்தத் தங்கச்சி கேட்டது மெயிலைப் பற்றி மட்டும். போன் மணி அடிக்கட்டும், அதை யாரும் அமத்தச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதற்குள்ளேயே விஷயம் இருக்கிறது. உங்கள் வீட்டில் அவசரச் சேதி வருவதற்கு என்று ஒரு வழி இருக்கிறது, அது போன் கால். அதனால் அவசரத்துக்காக நீங்கள் நாள் முழுக்க தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. கடல்நண்டுக்கு அப்படித் தனி வழி இல்லை. ஷூ கம்பெனி விளம்பரமும் டிராஃப்ட் பி.எல்.லும் ஒரே வாசலில் வருகிறது. அதனால்தான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நான் தூத்துக்குடியில் ஏற்றுமதி டாகுமெண்ட் வேலையில் பல வருஷம் இருந்தவள். கடல்நண்டு, நேரம் வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய். இன்பாக்ஸைத் திறக்காதே, Sent பெட்டியைத் திற. கடைசி மூன்று மாசத்தில் நீ அனுப்பிய பதில்களை மேலிருந்து கீழே பார். அன்றைக்கே பதில் போயிருக்காவிட்டால் காசு போயிருக்கும், அல்லது சரக்கு நின்றிருக்கும் என்று சொல்லக்கூடியவை எவை? அதை மட்டும் எழுதிக்கொண்டு வா. அவசரம் போலத் தோன்றியதை எல்லாம் எழுதாதே, உண்மையிலேயே கெடு இருந்ததை மட்டும் எழுது.

கடல்நண்டு
அக்கா, உட்கார்ந்து பார்த்தேன். ரொம்பக் கூட வரும் என்று நினைத்தேன், வந்தது மூன்றே வகைதான். ஒன்று டிராஃப்ட் பி.எல். திருத்தம். இரண்டு, கப்பல் தள்ளிப்போச்சு அல்லது கெடு முன்னால் வந்துவிட்டது என்று கப்பல் கம்பெனி அனுப்புவது. மூன்று, கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஏஜென்ட் ஏதாவது பேப்பர் குறைகிறது என்று கேட்பது. பார்ட்டிகள் எழுதியதில் ஒன்றுகூட அன்றைக்கே பதில் தேவைப்பட்டதாக இல்லை. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் கால் மணி நேரத்தில் பதில் போட்டிருக்கிறேன்.

சேதுக்கரை
இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் கடிகாரம். நியூயார்க் பக்கம் பார்ட்டி காலை ஒன்பதுக்கு ஆபீஸ் வந்து ஐந்துக்குக் கிளம்பினால், நமக்கு அது சாயங்காலம் 6:30 முதல் ராத்திரி 2:30 வரை. நவம்பர் முதல் வாரத்திலிருந்து மார்ச் இரண்டாம் வாரம் வரை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதாவது உன் ஆபீஸ் நேரத்தில் அவர்கள் தூங்குகிறார்கள். பகல் முழுக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாலும் அங்கிருந்து புதிதாக ஒன்றும் வராது. ஜப்பான்காரர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அவர்கள் ஒன்பது மணி நமக்கு விடியற்காலை 5:30, அவர்கள் ஆறு மணி நமக்கு மதியம் 2:30. தூத்துக்குடி ஆட்கள் நம் நேரம்தான்.

இதை வைத்து நேரம் குறி. காலை 9:15-க்கு ஒன்று: அமெரிக்காவின் ராத்திரி மெயில் முழுக்க வந்து முடிந்திருக்கும். மதியம் 1:30-க்கு ஒன்று: ஜப்பான் கடை அடைக்கும் முன் உன் பதில் போய்விடும். சாயங்காலம் 4:30-க்கு ஒன்று: தூத்துக்குடியில் ஆட்கள் இன்னும் நாற்காலியில் இருப்பார்கள், அமெரிக்காவில் கண் விழிக்கும்போது உன் பதில் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் அரை மணி, வேலை கூடினால் முக்கால் மணி. மூன்று என்பது எங்கேயோ படித்த கணக்கு இல்லை, உன் ஆட்களின் கடிகாரத்திலிருந்து வருகிற கணக்கு. வேறு ஊருக்கு அனுப்புகிறவருக்கு இரண்டு போதும், இன்னொருவருக்கு நாலு வேண்டியிருக்கும்.

அடுத்து, நீ சொன்ன மூன்று வகைக்குத் தனி வாசல். ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, தேடும் இடத்தில் இப்படிப் போடு. டொமைனுக்குப் பதில் உன் கப்பல் கம்பெனி, ஏஜென்ட் முகவரி வரும்.

```
from:(liner.example OR agent.example) subject:(draft OR cutoff OR rollover OR pending)
```

சரியான மெயில்கள் வருகின்றனவா என்று பழையதை வைத்துப் பார்த்துவிட்டு Create filter கொடு. Apply the label-இல் "இன்றே" என்று புது லேபிள் போடு, Never send it to Spam-ஐயும் டிக் செய். பிறகு ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் செட்டிங்ஸில் உன் கணக்குக்குள் போய் Manage labels திற. Inbox அல்லது Primary என்று இருப்பதில் Label notifications-ஐ எடுத்துவிடு. "இன்றே" லேபிளில் அதைப் போடு, அதற்கு வேறு சத்தம் வை. இனி போன் சத்தம் போட்டால் அது டிராஃப்டோ கெடுவோதான். சத்தம் இல்லை என்றால் 1:30 வரை திறக்க வேண்டிய காரணம் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. நீ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பது வந்த மெயிலுக்காக இல்லை, இன்னும் வராத மெயிலுக்காக. டிராஃப்ட் எப்போது வரும் என்று தெரியாததால் எப்போதும் பார்க்கிறாய். அதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கு. கண்டெய்னர் ஒன்றுக்கு ஒரு பக்கம். கப்பல் பெயர், ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷன் கெடு, வி.ஜி.எம். எடைக் கெடு, டிராஃப்ட் எப்போது எதிர்பார்க்கலாம், எத்தனை மணிக்குள் சரி சொல்ல வேண்டும், ஹெல்த் சர்டிபிகேட் நிலை. அமெரிக்கா சரக்கு என்றால், அங்கே போகும் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அவர்கள் சுங்கத்துக்கு விவரம் போயாக வேண்டும். அதனால் கெடு எப்போதும் முன்கூட்டியே வரும். புக்கிங் உறுதியாகும் நாளிலேயே இந்தத் தேதிகளை நோட்டில் எழுதிவிடலாம். "வியாழன் மதியத்துக்குள் டிராஃப்ட் வரணும்" என்று எழுதியிருந்தால் செவ்வாய்க்கிழமை அதை நீ தேட மாட்டாய். வியாழன் மதியம் வரவில்லை என்றால் இன்பாக்ஸை உற்றுப் பார்க்காதே, போன் போட்டுக் கேள்.

ஆய்வுமேசை
மண்டபத்தில் கடல்பாசி ஆராய்ச்சி செய்கிற மாணவன். இந்த விஷயத்தை எனக்காகவே தேடிப் படித்ததால் சொல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 124 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் நாளுக்கு மூன்று தடவை மட்டும் மெயில், இன்னொரு வாரம் இஷ்டம் போல. மூன்று தடவை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது.

ஆனால் எல்லா ஆய்வும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. குளோரியா மார்க் குழு 2016-இல் ஆபீஸ் ஊழியர்களைக் கவனித்தபோது, மெயிலில் செலவிடும் நேரம் கூடக் கூட அழுத்தமும் கூடியது. சேர்த்து வைத்துப் பார்ப்பதால் மட்டும் அழுத்தம் குறைந்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. துடுப்பு அண்ணன் சொன்ன "எல்லாம் ஆஃப்" பற்றியும் ஒன்று உண்டு. போன் அறிவிப்புகளை நாளுக்கு மூன்று தொகுப்பாகக் கொடுத்தபோது மக்களுக்கு நல்லதாக இருந்தது, முழுக்க நிறுத்தியபோது பதற்றம் கூடியது என்று 2019-இல் ஒரு ஆய்வு வந்தது. ஏதோ தவறிப்போகிறது என்ற எண்ணம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சேதுக்கரை அக்கா சொல்லும் தனிச் சத்தம் அந்த இடத்தை நிரப்பும் என்று நினைக்கிறேன், ஆனால் அதை யாரும் சோதித்ததாக நான் படிக்கவில்லை.

துடுப்பு
சரி, முழுக்க ஆஃப் என்பதை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு டிக்கெட் எல்லாம் வேறு சாஃப்ட்வேரில் வருவதால் மெயிலில் அவசரம் கிடையாது, அதை யோசிக்கவில்லை. ஆனால் 6,000 மெயிலை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. டெலீட் பண்ணச் சொன்னதில் என்ன தப்பு?

சேதுக்கரை
படிக்காமல் ஒதுக்கச் சொன்னாய் பார், அது சரி தம்பி. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தால் இந்த ஜென்மத்தில் முடியாது, அதற்குள் புதுசு சேர்ந்துவிடும். அழிக்கச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஏற்றுமதியில் ஆடிட்டர் திடீரென்று போன வருஷத்துக் கண்டெய்னரின் கடிதப் போக்குவரத்தைக் கேட்பார். பார்ட்டி சரக்கில் குறை என்று கிளெய்ம் போட்டால், என்றைக்கு என்ன எழுதினோம் என்பதுதான் நம் பக்கத்துச் சாட்சி.

கடல்நண்டு, இப்படிச் செய். கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். முதலில் பழையதுக்குள் நாலைந்து தேடல் போடு: claim, rejection, payment, அப்புறம் மூன்று பார்ட்டிகளின் பெயர். படிக்காததில் இவை ஏதாவது இருந்தால் வெளியே எடுத்து நோட்டில் அந்தந்தப் பக்கத்தில் எழுது. அரை மணி நேர வேலை. பிறகு இதைத் தேடு:

```
in:inbox is:unread older_than:30d
```

மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரிகிறவை மட்டும்தான் தேர்வாகும். பல பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், ஐம்பது ஐம்பதாக நகர்த்திச் சலித்துப் போகிறார்கள். அப்போது மேலே ஒரு வரி வரும், Select all conversations that match this search என்று. அதை அழுத்து. "பழசு" என்று லேபிள் போட்டு Archive கொடு. எதுவும் அழியாது. தேடினால் வரும், யாராவது அதே மெயிலுக்கு மறுபடி பதில் எழுதினால் தானாக இன்பாக்ஸுக்கு வரும். மீதி இருப்பது ஒரு மாதத்து மெயில். அதை மூன்று வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துவிடலாம்.

அக்னிதீர்த்தம்
இராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். நீங்கள் பேசுவது எல்லாம் ஆபீஸ் ஆட்களுக்குச் சரி. எனக்கு ராத்திரி பதினொன்றுக்கும் புக்கிங் மெயில் வரும், விடியற்காலை மூன்றுக்கும் வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ஒரு அறைக்கு இரண்டு பேர் புக் செய்து வந்து நிற்பார்கள். அதற்குப் பயந்துதான் மெயிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு என்ன வழி?

சேதுக்கரை
ஐயா, லாட்ஜ் தொழில் எனக்குத் தெரியாது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். புக்கிங் தளத்தின் ஆப்பில் அறை எண்ணிக்கை தானாகக் குறைகிறது அல்லவா? அப்படியானால் மெயில் வெறும் நகல்தான். இரண்டு பேர் ஒரே அறைக்கு வருவது, இரண்டு தளங்களில் ஒரே அறையைப் போட்டிருப்பதால் இருக்கலாம். மெயிலை எத்தனை தடவை பார்த்தாலும் அது தீராதே.

அக்னிதீர்த்தம்
இரண்டு தளத்திலும் போட்டிருக்கிறேன், உண்மைதான். நேரில் வருகிறவர்களுக்கும் அதே அறைதான். அமாவாசைக்கு ஒரு தளத்தை மட்டும் திறந்து வைத்தால் அறை காலியாகக் கிடந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. யோசிக்க வேண்டும்.

கடல்நண்டு
எனக்கு இன்னொரு தடை இருக்கிறது. எங்கள் மேனேஜர் மெயில் போட்டுவிட்டு ஐந்து நிமிஷத்தில் என் மேஜைக்கு வந்து "மெயில் போட்டேனே, பார்க்கலையா" என்று கேட்பார். அவருக்கு என்ன சொல்வது?

கீழக்கரை_காக்கா
தங்கச்சி, நான் முதலாளி பக்கத்திலிருந்து சொல்றேன். கீழக்கரையில் எங்களுக்கு ஏற்றுமதி வியாபாரம், எனக்குக் கீழே எட்டுப் பேர் இருக்காங்க. நான் ராத்திரி பத்து மணிக்கு மெயில் போடுவேன். மறந்து போயிடக்கூடாதுன்னுதான் அப்பவே போடுறது, அப்பவே பதில் வேணும்னு இல்லை. ஆனா பிள்ளைங்க பதறிக்கிட்டு பதினொன்றுக்குப் பதில் போடும். எனக்கே சங்கடமா இருந்துச்சு. அப்புறம் மெயில் தலைப்பிலேயே "நாளைக்கு" இல்லைன்னா "இந்த வாரம்"னு எழுத ஆரம்பிச்சேன். உடனே வேணும்னா கூப்பிட்டுடுவேன்.

மேனேஜர்கிட்ட "மெயில் பார்க்க மாட்டேன்"னு சொல்லாதீங்க, அது வேற மாதிரி விழும். "9:15, 1:30, 4:30-க்கு எல்லா மெயிலுக்கும் பதில் வந்துடும், அதுக்கு முன்னாடி வேணும்னா ஒரு போன் போடுங்க, உடனே பண்ணித் தாரேன்"னு சொல்லுங்க. அவருக்கும் அது லாபம்தான்.

ஆய்வுமேசை
காக்கா சொன்னதைப் போலவே ஆய்விலும் வந்திருக்கிறது. வேலை நேரத்துக்கு அப்பால் வரும் சாதாரண மெயிலுக்கு, அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் போட வேண்டும் என்று பெறுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். லாரா ஜியூர்ஜ், வனெசா போன்ஸ் இருவரும் 2021-இல் இதைக் காட்டினார்கள். அவசரம் இல்லை என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்த்தாலே அந்த நினைப்பு குறைந்தது.

கடல்நண்டு
நாளாகிவிட்டது, என்ன ஆச்சு என்று சொல்ல வந்தேன்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. திறக்காமல் இருக்கும்போது கை பரபரத்தது, 11 மணிக்கெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. நோட்டை எடுத்துப் பார்ப்பேன், இன்றைக்கு எந்தக் கெடுவும் இல்லை என்று எழுதியிருக்கும், கொஞ்சம் அடங்கும். "இன்றே" சத்தம் முதலில் வரவே இல்லை. போனில் அந்த லேபிளுக்கு Sync messages போடாமல் விட்டிருக்கிறேன், அது இல்லாமல் Label notifications வேலை செய்யாது. Last 30 days என்று மாற்றியதும் சத்தம் வந்தது. மற்றவர்களும் முதலில் வேறொரு முகவரியிலிருந்து, தலைப்பில் draft என்று வைத்து ஒரு மெயில் அனுப்பிச் சோதித்துவிடுங்கள். ஃபில்டரில் அந்த முகவரியைத் தற்காலிகமாகச் சேர்க்க வேண்டும்.

ஃபில்டர் தவறவும் செய்தது. ஏஜென்ட் ஆபீஸில் புதுப் பையன் ஒருத்தன் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து "sir pls send" என்று தலைப்பு வைத்து ஹெல்த் சர்டிபிகேட் கேட்டிருக்கிறான். சத்தம் வரவில்லை. ஆனால் அக்கா சொன்ன நோட்டில் அந்தக் கண்டெய்னர் பக்கத்தில் "சர்டிபிகேட் அனுப்பியாச்சா, புதன் காலை" என்று இருந்தது. நானே அவர்களுக்குப் போன் போட்டேன், அப்போதுதான் மெயில் அனுப்பினோமே என்றார்கள். 1:30 வரை காத்திருந்தாலும் நேரம் இருந்திருக்கும். இனி ஆபீஸ் முகவரியிலிருந்து மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பழசு மொத்தமும் போய்விட்டது. தேடியதில் ஒரு பேமெண்ட் மெயில் மட்டும் பதில் போடாமல் கிடந்தது, அதைக் கணக்குப் பிரிவில் முடித்தாயிற்று. இதுவரை "பழசு" லேபிளை இரண்டொரு தடவைதான் திறக்க வேண்டி வந்தது, அதுவும் ஆடிட்டுக்காக.

ராத்திரிதான் இன்னும் சரியாகவில்லை. அமெரிக்க பார்ட்டி அந்த நேரத்தில்தான் எழுதுகிறார் என்று இப்போது தெரிந்துவிட்டதால், பத்து மணிக்குத் திறந்து பார்க்கும் ஆசை முன்னைவிடக் கூடியிருக்கிறது.

சேதுக்கரை
ராத்திரி அவர் எழுதியதில் ராத்திரியே பதில் போட்டு நடந்த காரியம் ஏதாவது உண்டா? உன் Sent பட்டியலில் ஒன்றுகூட இல்லை என்று நீயேதான் எழுதினாய். போனில் ஜிமெயில் ஆப்பை ராத்திரி நேரத்தில் மட்டும் நிறுத்தி வைக்க முடியும். ஆண்ட்ராய்டில் Digital Wellbeing-க்குள் Focus mode-இல் போய்ப் பார். ஆனால் அதில் ஜிமெயில் ஆப் மொத்தமும் நிற்கும், "இன்றே" சத்தமும் நிற்கும். கப்பல் கெடு இருக்கும் நாளில் போடாதே. மற்ற நாளில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.

தங்கச்சிமடம்
எம்மகளும் ஒரு ஐஸ் கம்பெனி ஆபீஸ்லதான் இருக்கா. இதைப் படிச்சுட்டு நோட்டு வாங்கப் போயிருக்கா. அவளுக்கு ஐபோன். லேபிள் சத்தம் அதுல வருமா தாயி?

துடுப்பு
அண்ணே, ஐபோன் ஜிமெயிலில் High priority only என்று ஒரு தேர்வு இருக்கிறது. எது முக்கியம் என்பதை ஜிமெயிலே முடிவு செய்யும், நாம் சொல்வது போல இருக்காது. ஃபில்டரில் Always mark it as important-ஐ டிக் செய்தால் நம் மெயில் அதில் சேரலாம் என்று நினைக்கிறேன். நான் செய்து பார்த்ததில்லை. ஐபோன் வைத்திருக்கும் யாராவது சோதித்துச் சொல்லுங்கள்.